ரதம் தெருவுக்கு வரும் நாள்: அனுமதியும் பின்னால் வரும் காரும்

“பிறையில் இருக்கும் எங்கள் தாமான் கோயிலில் இந்த ஆண்டுதான் முதல் முறையாக ரதம் வெளியே வருகிறது. மொத்தம் 2.4 கிலோமீட்டர், அதில் 700 மீட்டர் பெரிய சாலை, 25 வீடுகளில் அர்ச்சனை, இரவு 7 முதல் 9 வரை என்று திட்டம். செயலவையில் ஒருவர், ‘சமய ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதியே தேவையில்லை, சட்டத்தில் விலக்கு இருக்கிறது’ என்கிறார். உண்மையா? இன்னொன்று, நானும் தினமும் கார் ஓட்டுபவன். ஊர்வலத்துக்கோ சாவு ஊர்வலத்துக்கோ பின்னால் மாட்டிக்கொண்டால் முந்திப் போகலாமா?”

உங்கள் செயலவை நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முழுசாக நம்பினால்தான் சிக்கல் வரும். நான் இருபது வருடம் லோரி ஓட்டியவன், பன்னிரண்டு வருடமாகக் கோயில் ஊர்வலத்தில் சாலைப் பொறுப்பைப் பார்ப்பவன். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். நண்பர் சொல்வது 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டத்தை, அதாவது சட்டம் 736-ஐ. பொது இடத்தில் ஆட்கள் கூடினாலும் ஊர்வலமாக நடந்தாலும் ஏற்பாட்டாளர் முன்கூட்டியே மாவட்டப் போலீஸ் தலைவருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 9-ஆவது பிரிவு. தொடக்கத்தில் 10 நாள் முன்னதாக என்று இருந்தது, 2019 திருத்தத்தில் 5 நாளாகக் குறைந்தது. அந்தச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், இந்த அறிவிப்பு தேவைப்படாத கூட்டங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சமயக் கூட்டங்கள், இறுதி ஊர்வலங்கள், திருமண விருந்துகள், பண்டிகைத் திறந்த இல்ல உபசரிப்புகள், குடும்ப ஒன்றுகூடல்கள், இன்னும் சில. ஆக, உங்கள் ரதமும் சாவு ஊர்வலமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நண்பர் அதைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

ஆனால் அந்த விலக்கு எதிலிருந்து என்று பாருங்கள். ‘நாங்கள் கூடப் போகிறோம்’ என்று சொல்லும் அந்த ஒரு அறிவிப்பிலிருந்து மட்டும்தான். சாலையை எடுத்துக்கொள்ளும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. வண்டியை நிறுத்துவது, திருப்பிவிடுவது, சமிக்ஞை விளக்கைக் கையில் எடுப்பது எல்லாம் போலீஸ் வேலை. சாலையில் தடுப்பு வைக்கவும் பந்தல் போடவும் இடம் தருவது அந்தச் சாலை யாருடையதோ அவர்கள். சாலையில் தடங்கல் செய்வது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படியும் குற்றம். கூடுவதற்குத் தடையில்லை என்றால் சாலையை மறிக்கத் தடையில்லை என்று ஆகிவிடாது. செயலவையில் அடுத்த முறை பேச்சு வந்தால் இந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள், சண்டை முடிந்துவிடும்.

அரசியல் பேரணி, கோரிக்கைப் பேரணி என்றால் கதை வேறு. அவற்றுக்கு அந்த அறிவிப்புக் கடமை உண்டு. ஏற்பாட்டாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. சமய ஊர்வலத்திலும் இறுதி ஊர்வலத்திலும் பிள்ளைகள் வரலாம். அறிவிக்காமல் விட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் என்று இருந்த 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலை 1-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தண்டனையைத்தான் எடுத்ததே தவிர அறிவிப்புக் கடமையை எடுக்கவில்லை. உங்களுக்கு இது தேவைப்படாது. ஆனால் ‘இனிமேல் எதற்குமே கடிதம் வேண்டாமாம்’ என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தியை யாராவது காட்டினால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம்.

மூன்று கதவைத் தட்ட வேண்டும். முதலாவது போலீஸ். பிறை என்றால் செபராங் பிறை தெங்கா மாவட்டத் தலைமையகம். பக்கத்து பாலாயில் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பாலாய் அந்தக் கடிதத்தை மேலே அனுப்பும், அதிலேயே ஒரு வாரம் போய்விடும். மாவட்டப் போலீஸ் தலைவர் பெயருக்கு மலாயில் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோங்கள், நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ முத்திரை வாங்குங்கள், போக்குவரத்துப் பிரிவு அதிகாரியையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது, சாலைக்குச் சொந்தக்காரர். தாமானுக்குள் இருக்கும் தெருக்கள் பெரும்பாலும் செபராங் பிறை மாநகர் மன்றத்துடையவை. உங்கள் 700 மீட்டர் பெரிய சாலை மாநில சாலையாகவோ கூட்டரசுச் சாலையாகவோ இருந்தால் பொதுப்பணித் துறைக்கும், அதாவது ஜே.கே.ஆருக்கும், ஒரு கடிதம் போக வேண்டும். தீவில் இருப்பவர்களுக்கு பினாங்கு மாநகர் மன்றம், கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு மாநகராட்சி மன்றம், அதாவது டி.பி.கே.எல். மூன்றாவது மின்சார நிறுவனமான டி.என்.பி. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரதத்தின் கலச நுனிவரை எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக் கொடுங்கள். அலங்காரம் முடிந்த பிறகு வரும் உயரத்தைச் சொல்லுங்கள், வெறும் மரச் சட்டத்தின் உயரத்தை இல்லை. பூ வளைவும் விளக்கும் ஏறியதும் ரதம் ஒரு முழம் வளர்ந்துவிடும். வழியில் கம்பி தாழ்வாக இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கட்டும். மூங்கிலால் கம்பியைத் தூக்கிவிட்டு ரதத்தை நுழைக்கும் வேலையை யார் செய்தாலும் உடனே நிறுத்துங்கள். மழையில் நனைந்த மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும்.

நாங்கள் திருவிழாவுக்கு ஆறு வாரம் முன்னரே கடிதங்களைக் கொடுத்துவிடுவோம். கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்றால், புறப்படும் இடம், போகும் தெருக்கள் வரிசையாக, எந்தச் சந்திப்பை எத்தனை மணிக்குக் கடப்போம், எத்தனை பேர், ரதத்தோடு வரும் வண்டிகளின் எண்கள், பொறுப்பாளர் இருவரின் கைப்பேசி எண்கள், அப்புறம் ஒரு வரைபடம். ‘சந்திப்பைக் கடக்கும் நேரம்’ என்ற அந்த ஒரு வரியைத்தான் போக்குவரத்து அதிகாரி முதலில் தேடுவார். எத்தனை பேரை எங்கே நிறுத்துவது என்று அவர் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.

அந்த நேரக் கணக்கில்தான் பெரும்பாலான கோயில்கள் தவறு செய்கின்றன. உங்கள் திட்டமும் அப்படித்தான் இருக்கிறது. கூடவே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கயிறு கட்டி இழுக்கும் ரதம், மேளத்தோடும் பால்குடத்தோடும் போகும்போது மணிக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் போகாது. 2.4 கிலோமீட்டருக்கு 72 நிமிடம். இது நிற்காமல் போனால். 25 வீட்டில் நிற்கிறீர்கள். தட்டு வாங்கி, பேர் நட்சத்திரம் கேட்டு, தேங்காய் உடைத்து, தீபாராதனை காட்டி, பிரசாதம் கொடுத்து நகர ஒரு வீட்டுக்கு 4 நிமிடம் ஆகும். இது குறைவாகச் சொல்வது. ஆக 100 நிமிடம். மொத்தம் 172 நிமிடம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 7 மணிக்குப் புறப்பாடு என்றால் 7.30-க்குத்தான் சக்கரம் உருளும், அது உங்களுக்கே தெரியும். கோயிலுக்குத் திரும்பும்போது இரவு 10.20 தாண்டியிருக்கும். நீங்கள் திட்டத்தில் போட்டிருப்பதோ 9 மணி.

அந்த 80 நிமிடத்தில் என்ன ஆகும்? போலீஸ்காரர் 9 மணிவரைக்கும்தான் உங்களுக்காக ஒதுக்கப்பட்டிருப்பார். நல்ல மனிதராக இருந்தால் கொஞ்சம் நிற்பார். வேறு அழைப்பு வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். அப்போது ரதம் பெரிய சாலையில் இருந்தால், சாலையில் இருட்டு, வேகமாக வரும் வண்டிகள், நடுவில் நீங்கள். நான் பார்த்த ஊர்வல விபத்துகளும் விபத்தாகாமல் தப்பியவையும் இந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் நடந்திருக்கின்றன. முதல் மணி நேரத்தில் எல்லாரும் விழிப்பாக இருப்பார்கள், கடைசியில் களைப்பு வந்துவிடும்.

இதற்கு வழி, நிற்கும் இடங்களைக் குறைப்பது. சாலையை அடைப்பது தூரம் இல்லை, நிறுத்தங்கள்தான். 25 வீட்டையும் ஆறு இடமாகச் சேர்த்துவிடுங்கள். தெரு முனையில் நாலு வீட்டார், இன்னொரு முனையில் ஐந்து வீட்டார் என்று தட்டோடு வந்து நிற்கட்டும். ஓர் இடத்துக்கு 8 நிமிடம் கொடுத்தாலும் 48 நிமிடம். 72-உம் 48-உம் சேர்ந்து சரியாக இரண்டு மணி நேரம். 7.30-க்குப் புறப்பட்டால் 9.30-க்குள் கோயிலில் இருப்பீர்கள். கடிதத்தில் 10 மணி வரை கேளுங்கள். அந்த ஆறு இடத்தில் ஒன்றுகூடப் பெரிய சாலையில் இருக்கக் கூடாது. நிற்காமல் போனால் 700 மீட்டரை 21 நிமிடத்தில் கடந்துவிடலாம். அந்தப் பக்கம் எட்டு வீடு இருந்து எட்டிலும் நின்றால் 53 நிமிடம். ‘21 நிமிடம் ஒரு தடத்தை மட்டும் கொடுங்கள்’ என்று கேட்பதும் ‘ஒரு மணி நேரம் சாலையை மூடுங்கள்’ என்று கேட்பதும் ஒன்றில்லை. முதலாவதற்குப் போக்குவரத்து அதிகாரி பெரும்பாலும் தலையாட்டுவார்.

பெரிய சாலை வீட்டுக்காரர்களுக்கு வருத்தம் வரும். அதற்கும் மனம் இருக்க வேண்டும். எங்கள் கோயிலில் ஒரு பாட்டி இருபது வருடமாகத் தன் வாசலில் ரதம் நிற்கப் பார்த்தவர். முனைக்கு வாங்க பாட்டி என்று சொன்னபோது அழுதுவிட்டார். இப்போது இரண்டு இளைஞர்கள் போய் அவரை நாற்காலியோடு முனைக்குத் தூக்கி வருகிறார்கள். முதல் அர்ச்சனை அவருக்குத்தான்.

அடுத்தது ஊர்வலத்தின் வால். எல்லாரும் ரதத்தைச் சுற்றித்தான் ஆட்களைப் போடுவார்கள். ரதம் வெளிச்சமாக இருக்கிறது, பெரிதாக இருக்கிறது, அதை யாரும் இடிக்கப் போவதில்லை. அடிபடுவது பின்னால் தேங்கி நடப்பவர்கள்தான். புறப்படும்போது உங்கள் ஊர்வலம் 60 மீட்டர் நீளம் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், 150 மீட்டருக்கு நீண்டிருக்கும். செருப்பைத் தேடுபவர், பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பவர், தெரிந்தவரோடு பேசி நடப்பவர் என்று இருட்டில் ஒரு கூட்டம் பின்னால் வரும். ஒரு வருடம் எங்கள் கடைசிப் பாதுகாவலர் ரதத்துக்குப் பின்னால் பத்து மீட்டரில் சிவப்பு விளக்கோடு நடந்துகொண்டிருந்தார். அவருக்கும் பின்னால் எண்பது மீட்டரில் ஓர் அம்மா, கறுப்புச் சேலை, கையில் காலிக் குடம். மோட்டாரில் வந்த பையன் தூரத்து ரத வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வந்து அவரைத் தட்டிவிட்டான். கால் எலும்பு முறிந்தது. அந்தப் பையனை ஊரே திட்டியது. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அதற்கு முன்னால் இருக்கும் இருட்டு தெரியாது. வால் எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் காட்ட வேண்டியது எங்கள் பொறுப்பு, அதைத்தான் நாங்கள் செய்யவில்லை. பொறுப்பில் இருந்தவன் நான்.

அன்றிலிருந்து எங்கள் விதி: கடைசி மனிதர் யாரோ அவருக்கும் பின்னால்தான் வால் காவலர். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. தங்கினால் அவரும் நிற்பார், வாக்கி டாக்கியில் சொல்லி ரதத்தையும் நிறுத்துவார். அவருக்கும் பின்னால் ஒரு பிக்கப், அபாய விளக்கு போட்டபடி. பிக்கப்புக்கும் பின்னால் 100 மீட்டரில், பிரதிபலிப்புச் சட்டையும் சிவப்பு விளக்குத் தடியுமாக இன்னொருவர், சாலை ஓரமாக. ஏன் 100 மீட்டர்? மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு வினாடிக்கு 17 மீட்டர் போகும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி ஆனால் 25 மீட்டர் போய்விடும். அப்புறம் காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர், ஈரச் சாலையில் 35. மொத்தம் 60 மீட்டர். நம் ஊரில் மாலை மழை பெய்யாத நாள் எத்தனை? அதோடு அவர் 60-இல்தான் வருவார் என்று யார் சொன்னது? வளைவு இருந்தால் அந்தத் தடிக்காரர் வளைவுக்கு முன்னால் நிற்க வேண்டும், 100 மீட்டர் 150 ஆனாலும் பரவாயில்லை. பிக்கப் மேல் நீல நிறச் சுழல் விளக்கு மட்டும் போடாதீர்கள். அது போலீஸ் வண்டிக்கு உரியது, உங்களுக்குத்தான் சமன் வரும்.

தொண்டூழியர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 79-ஆவது பிரிவுப்படி, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் போலீஸ்காரரின் சைகையை மீறுவது குற்றம். கோயில் சட்டை போட்ட தொண்டூழியருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவர் எச்சரிக்கலாம், கேட்டுக்கொள்ளலாம், ஆபத்தைக் காட்டலாம். சிவப்பு விளக்கில் நிற்கும் காரை ‘வா வா’ என்று அழைக்கவோ எதிர்த் தடத்தில் போகச் சொல்லவோ கூடாது. அவர் பேச்சைக் கேட்டு ஓட்டுநர் போய் எதிரில் வந்த லோரியில் மோதினால் யார் பதில் சொல்வது? சமிக்ஞை விளக்குச் சந்திப்பில் போலீஸ் இல்லாமல் ரதம் கடக்கக் கூடாது. போலீஸ் வரத் தாமதமானால் ரதம் காத்திருக்கட்டும், மேளம் வாசிக்கட்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, காருக்குள் இருப்பவர் என்ன செய்வது.

மேற்சொன்னதிலிருந்தே பாதி விளங்கியிருக்கும். தூரத்தில் வெளிச்சமும் மேளமும் தெரிந்த உடனே வேகத்தைக் குறையுங்கள், ஏனென்றால் ஊர்வலம் அந்த வெளிச்சத்துக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. பின்னால் வருபவருக்குத் தெரிய அபாய விளக்கைச் சில வினாடி போடுங்கள். நின்றால், முன் காரின் பின் சக்கரம் சாலையைத் தொடுவது தெரியும் அளவுக்கு இடம் விட்டு நில்லுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்க அந்த இடம்தான் உதவும். ஒட்டி நின்றால் ஒதுங்க முடியாது.

முந்தலாமா என்றால், போலீஸ்காரர் கைகாட்டினால் போங்கள், இல்லையென்றால் வேண்டாம். இரட்டைக் கோடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். தொண்டூழியர் மட்டும் கைகாட்டினால், எதிர்ப்பக்கத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே நகருங்கள். போகும்போது மனிதர் நடக்கும் வேகத்தில் போங்கள். பாட்டை நிறுத்திவிட்டு கண்ணாடியை இறக்குங்கள், அப்போதுதான் யாராவது கத்துவது காதில் விழும். கண் ரதத்தின்மேல் இருக்கக் கூடாது, அதற்கு எதிர்ப் பக்கத்து வீட்டு வாசல்களின்மேல் இருக்க வேண்டும். தட்டோடு ஓடிவரும் பிள்ளை அங்கிருந்துதான் வரும். அதன் பார்வை முழுக்க சாமிமேல் இருக்கும், உங்கள் காரை அது பார்க்கவே பார்க்காது.

ஊர்வலத்துக்கு எதிரில் வருபவராக இருந்தால் உயர் ஒளியை இறக்குங்கள். கயிறு இழுப்பவர்கள் உங்களை நோக்கித்தான் நடக்கிறார்கள், முகத்தில் வெளிச்சம் அடித்தால் காலடி தெரியாது. தைப்பூசத்துக்கு முந்திய நாள் தீவில் வெள்ளி ரதமும் தங்க ரதமும் தண்ணீர்மலைப் பக்கம் போன பிறகு அந்தச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். உடைத்த தேங்காய் ஓடு டயரைக் கிழிக்கும். தேங்காய்த் தண்ணீரும் நசுங்கிய பருப்பும் சேர்ந்தால் தார் வழுக்கும். காருக்குத் தாங்கும். மோட்டாருக்குத் தாங்காது. மோட்டாரில் வருபவர் ஊர்வலம் போய் முடிந்த சாலையில்தான் கூடுதல் கவனமாகப் போக வேண்டும், பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக் கூடாது. கூட்டத்துக்கும் ஓரக் கல்லுக்கும் நடுவில் மோட்டாரை நுழைக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளிடம் வீட்டிலேயே பேசுங்கள். எனக்குத் தெரிந்து ஊர்வலத்தில் ஆளை இடித்ததில் கார்களைவிட மோட்டார்கள்தான் அதிகம்.

சாவு ஊர்வலம் இதைவிடக் கடினம். அதற்கு ஆறு வாரம் யாருக்கும் கிடைப்பதில்லை. காலையில் உயிர் போனால் மறுநாள் மதியம் எடுத்தாக வேண்டும். மூன்றாவது அட்டவணையில் அதைச் சேர்த்ததன் நியாயம் இதில்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டார் ஒருவர், துக்கம் நேரடியாகத் தொடாத ஒரு பெரியப்பாவோ மாமாவோ, பாலாய்க்குப் போய் மூன்று விஷயம் சொல்லிவிட்டு வரலாம். எத்தனை மணிக்கு எடுக்கிறோம், எந்த வழி, எதுவரை நடக்கிறோம். நடப்பதைத் தாமான் வாசலோடு முடித்துக்கொள்ளுங்கள். தப்பும் பூவும் தெருவுக்குள் இருக்கட்டும், பெரிய சாலைக்கு வந்ததும் எல்லாரும் வண்டியில் ஏறிவிடட்டும்.

வண்டிகள் வரிசையாகப் போகும்போது ஒரு பழக்கத்தை விட வேண்டும். எல்லாரும் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறோம். பெரும்பாலான காரில் அது எரியும்போது வளைவு விளக்கு வேலை செய்யாது. பத்து கார் ஒன்றாகத் தடம் மாறும், எந்தக் காரும் எந்தப் பக்கம் போகிறது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. முகப்பு விளக்கைச் சாதாரணமாகப் போட்டால் போதும். சிவப்பு விளக்கில் வரிசை உடைந்தால் உடையட்டும். சவ வண்டிக்கு ஆம்புலன்ஸின் முன்னுரிமை கிடையாது, பின்னால் வரும் உறவினர் காருக்கு அறவே கிடையாது. முன்னால் போனவர் சந்திப்பைத் தாண்டி ஓரமாக நிற்கட்டும். பத்து லான்சாங் மயானம் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாதவருக்கு இருப்பிடத்தை அனுப்பிவிட்டால் வந்து சேருவார்.

அந்த வரிசையைச் சாலையில் சந்திக்கும் மற்ற ஓட்டுநருக்கு ஒரு வேண்டுகோள்: நடுவில் புகாதீர்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள். அவர்களில் யாராவது சிவப்பு விளக்கில் தவறாக வந்தாலும் நீங்கள் நின்று விடுங்கள். ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் முந்திய இரவு தூங்காத ஒரு மகனாக இருக்கலாம். நீங்கள் பிரேக் பிடித்தால் அவருக்கும் சேர்த்துப் பிடித்த மாதிரி.

கல்யாணத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்தில் நடந்தால் சாலைப் பிரச்சினை வராது. வீட்டு வாசலில் நலுங்குக்கும் விருந்துக்கும் கூடாரம் போட்டுத் தெருவை அடைப்பதென்றால் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும், பாலாயிலும் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் அந்தத் தெருவில் இருக்கும் எல்லா வீட்டிலும் கேட்க வேண்டும். மலாய்க்காரர், சீனர், நம்மவர் யாராக இருந்தாலும் நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தெரு முழுவதையும் மூடாதீர்கள். தீயணைப்பு வண்டி இரண்டரை மீட்டர் அகலம், அது நுழைந்து திரும்ப இடம் இருக்கிறதா என்று கயிறு வைத்து அளந்து பாருங்கள். கூடாரக் கால்களில் பிரதிபலிப்பு நாடா ஒட்டுங்கள், முதல் நாள் இரவு காலியாக நிற்கும் கூடாரத்தில்தான் மோட்டார் வந்து மோதும். வட இந்தியர்களின் ‘பாராத்’ மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி கார் வரிசையில் ஆளை வெளியே தலை நீட்டிப் பாடவிட்டுப் போவதற்கு எந்தக் கடிதமும் அனுமதி தராது.

உங்கள் ரதத்துக்குத் திரும்பினால், கடிதம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். திருவிழா நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில், இரவு 7.30-க்கு, நாலு பேர் அந்த 2.4 கிலோமீட்டரையும் மெதுவாக நடந்து பாருங்கள். எந்தச் சந்திப்பில் வண்டி சேர்கிறது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எங்கே குழி, எங்கே கம்பி தாழ்வு என்று எழுதுங்கள். எரியாத விளக்கை மாநகர் மன்றத்துக்குச் சொல்லுங்கள், ஆறு வாரத்தில் சரிசெய்ய நேரம் இருக்கும். அப்புறம் அந்தப் பிக்கப்பில் நாலு துடைப்பமும் இரண்டு சாக்கும் போட்டு வையுங்கள். ரதம் கோயிலுக்குள் நுழைந்ததும் வால் காவலரும் தடிக்காரரும் கலைந்துவிடக் கூடாது. தேங்காய் ஓட்டையும் பூவையும் கூட்டி எடுக்கும் பிள்ளைகள் இன்னும் சாலையில்தான் இருப்பார்கள். கடைசிச் சாக்கு பிக்கப்பில் ஏறிய பிறகுதான் அந்தச் சிவப்பு விளக்கை அணைக்க வேண்டும்.